ஆயுள் ரேகையில் வயதுக் கணக்கு: நூல் அளவா, விரல் அளவா?

ஒரே கையைப் பார்த்து ஒருவர் "இருபத்தெட்டில் ஒரு கண்டம்" என்பார், அடுத்தவர் "முப்பத்தாறில்" என்பார். மாமாங்கத் தீர்த்தத் திருவிழாவில் கை பார்த்துவிட்டு, கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போன இடத்திலும் கையை நீட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இருவர் சுட்டிக் காட்டியதும் ரேகையில் அதே இடத்தைத்தான். அந்த இடத்துக்கு எந்த வயதைப் போடுவது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். கை பார்க்கப் பழகும் எவரும் ஏதாவது ஒரு அளவைத் தேர்ந்துகொண்டே ஆக வேண்டும். நான் விரல் அளவைத் தேர்ந்திருக்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், மற்ற அளவுகள் எங்கே வழுக்குகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

பெருவிரலைச் சுற்றி வளைந்து மணிக்கட்டை நோக்கி இறங்கும் ரேகையைத்தான் இங்கே பேசுகிறேன். மேலே, பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடையிலுள்ள ஓரத்தில் பிறப்பு, கீழே முதுமை. கீழிருந்து மேலாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நம் பக்கத்தில் மேலிருந்து இறங்குவதே வழக்கம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நூல் அளவு. பருத்தி நூலை நனைத்து ரேகையின் மேல் வளைவு தப்பாமல் படிய வைத்து, இரு முனையிலும் கிள்ளி எடுத்து, அடிமட்டத்தில் நீட்டி அளப்பது. வந்த நீளத்தை எழுபதாகவோ நூறாகவோ சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஒரு வயது. அடிமட்டமும் நூலும் இருந்தால் போதும், சின்னப் பிள்ளையும் செய்யலாம். கைரேகை நூல்கள் எழுதிய கீரோவின் வழியில் படித்தவர்கள் இதையே ஏழேழு ஆண்டாகக் கட்டம் போடுவார்கள். நூறு என்று பிரிப்பவர்களிடம் கேட்டால் பழைய சாமுத்திரிகத்தைக் காட்டுவார்கள். ஆனால் அங்கே நூறு வயது சொல்லப்பட்டது இந்த ரேகைக்கு அல்ல. சுண்டுவிரலின் கீழிருந்து கிளம்பி ஆள்காட்டியை எட்டும் மேல் ரேகைக்கு, இன்று நாம் இருதய ரேகை என்று சொல்லும் ரேகைக்குத்தான். அந்த நூறு எப்படியோ பெருவிரல் பக்கத்து ரேகைக்கு இறங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

விரல் அளவு வேறு மாதிரி. முத்திரை மையைக் கையில் மெல்லிசாகத் தடவி, வெள்ளைத் தாளுக்கு அடியில் மடித்த துணி வைத்து அழுத்த வேண்டும். துணி இல்லாவிட்டால் உள்ளங்கையின் குழிவு தாளில் பதியாது, ரேகையின் நடுப்பகுதி வெறுமையாகிவிடும். பிறகு நடுவிரல் அடியின் மையத்திலிருந்து மணிக்கட்டின் மையத்துக்கு ஒரு கோடு. அதற்கு இணையாக, ஆள்காட்டியும் நடுவிரலும் சேரும் இடைவெளியிலிருந்து இன்னொரு கோடு கீழே இறக்கினால், அது ஆயுள் ரேகையை வெட்டும் இடம் இருபது வயது. சிலர் ஆள்காட்டியின் மையத்திலிருந்து ஒரு கோடு இறக்கிப் பத்து என்றும், நடுவிரல் மையத்திலிருந்து இறக்கி முப்பது அல்லது முப்பத்தைந்து என்றும் சொல்வார்கள். நான் இருபதை மட்டும் எடுக்கிறேன். விரலிடை மையில் கூர்மையாகப் பதியும், விரலின் மையத்தைக் கண்ணால்தான் மதிக்க வேண்டியிருக்கும். இருபது கிடைத்த பிறகு ரேகையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் வரை நூலால் அளந்து, அதே வீதத்தில் கீழே போகிறேன்.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு ஒன்றுதான்: அளவை எதில் கட்டுகிறோம்? நூல் அளவு ரேகையின் முடிவில் கட்டப்படுகிறது. விரல் அளவு கையின் எலும்பில் கட்டப்படுகிறது. ரேகை எங்கே முடிந்தாலும் விரலிடை நகராது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ரேகை பாதியில் நிற்கும் ஒரு கையைக் கையில் எடுக்கும்போதுதான் இதன் பாரம் புரியும்.

என் மாமியின் கை அப்படி. அவர் பிறந்தது 1962. மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர்களிடம் அளவைச் சோதித்துப் பார்க்க இரண்டு நாட்கள் உண்டு, யாரும் மறக்காத நாட்கள்: 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி. மாமிக்கு முதலாவது பதினாறு வயதில், இரண்டாவது நாற்பத்திரண்டில். சூறாவளியில் வீட்டுக் கூரை போனது, சுனாமியில் வீடே போனது. பெண்களுக்கு இடக்கை என்ற வழக்கப்படி இடக்கையைப் பதித்தேன். ரேகையை ஆழமாகக் குறுக்கே வெட்டும் கோடுகள் இரண்டு. தொடக்கத்திலிருந்து நூலால் அளந்தால் ஒன்று 22 மில்லிமீற்றரில், மற்றது 58இல். ரேகை 78இல் நின்றுவிடுகிறது. மணிக்கட்டு வரை அதே வளைவில் நீட்டினால் 104 வரும்.

நூல் அளவில் எழுபதாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் கோடு கிட்டத்தட்ட 20 வயது, இரண்டாவது 52. சூறாவளிக்கு நாலு வருடம் தள்ளி, சுனாமிக்குப் பத்து வருடம் தள்ளி. நூறாகப் பிரித்தால் இன்னும் மோசம்: 28, பிறகு 74. அதாவது இந்தக் கணக்கை நம்புகிற ஒருவர் மாமியின் கையைப் பார்த்தால், நடந்து முடிந்ததை இனி வரப்போகும் கண்டம் என்று சொல்லிவிடுவார். பரிகாரமும் சொல்வார். மாமி அதைச் செய்தும் இருப்பார்.

விரல் அளவில் விரலிடைக் கோடு ரேகையைத் தொட்டது 27 மில்லிமீற்றரில். அது இருபது வயது என்றால் ஒரு வயதுக்கு 1.35 மில்லிமீற்றர். 22இல் உள்ள கோடு பதினாறு, 58இல் உள்ளது நாற்பத்துமூன்று. சுனாமிக்கு ஒரு வருடம் கூட. கைப்பதிவில் அது ஒரு மில்லிமீற்றரும் சொச்சமும், மை பரவினாலே அவ்வளவு போகும்.

இதில் இன்னொன்றும் வெளிப்படுகிறது. இதே வீதத்தில் ரேகை நின்றுபோன இடம் 58 வயதுக்குச் சற்று முன்னால் விழுகிறது. மாமி அறுபதைக் கடந்து, காலையில் இடியப்பம் பிழிந்து கடைக்குக் கொடுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். "கோடு முடிஞ்சா ஆளும் முடிஞ்சிருமா மகன்?" என்று அன்று கேட்டார். இல்லை மாமி என்று தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. நூல் அளவில் ரேகையின் முடிவும் ஆயுளின் முடிவும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன, ஏனென்றால் முழு நீளத்தையும் முழு ஆயுளாக எடுத்துக்கொண்டுதான் பிரிக்கவே தொடங்குகிறோம். குட்டை ரேகைக்காரரிடம் அந்தக் கணக்கு இரண்டு விதமாகக் கெடும்: ஒன்று, வயதுகள் நெருக்கப்பட்டு எல்லாம் பிந்திப் போகும். மற்றது, நீளத்தைப் பார்த்தே ஆயுள் குறைவு என்று சிலர் சொல்லிவிடுவார்கள். விரல் அளவு இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. நான் இதன் பக்கம் சாய முதல் காரணமும் முக்கால்வாசிக் காரணமும் இதுதான்.

நூல் அளவுக்காரர்களில் கவனமானவர்கள் ரேகையை மணிக்கட்டு வரை மனதில் நீட்டி, அந்த நீளத்தைப் பிரிப்பார்கள். மாமியின் 104ஐ எழுபதாகப் பிரித்தால் 15, 39. பரவாயில்லை, நியாயமான அளவுதான். ஏழு ஏழாகப் பதினொரு கட்டம், அதாவது எழுபத்தேழு என்று எடுத்தால் என் கணக்குக்கே வந்துவிடுகிறது. ஆனால் எழுபதா எழுபத்தேழா என்பதை அந்தக் கை சொல்லாது, பார்ப்பவர்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

எந்த அளவானாலும் தொடக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. பலருக்கு ஆயுள் ரேகையும் உள்ளங்கையைக் குறுக்கே கடக்கும் புத்தி ரேகையும் ஒட்டிக்கொண்டே கிளம்பி, கொஞ்சத் தூரம் போய்ப் பிரியும். மாமிக்கு 14 மில்லிமீற்றர் ஒட்டியிருக்கிறது. சிலர் பிரியும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். அப்படி எண்ணினால் விரல் அளவில்கூடப் பத்து வருடம் காணாமல் போகும். இரண்டு பேர் சொன்ன வயது எட்டு பத்து வருடம் வித்தியாசப்பட்டால், அளவு என்ன என்று கேட்பதற்கு முன் எங்கிருந்து எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

விரல் அளவு கைகொடுக்காத கைகளும் உண்டு. ரேகை பெருவிரலோடு நெருங்கி ஒட்டி இறங்கினால், விரலிடைக் கோடு அதைத் தொடாமலே கீழே போய்விடும். அந்தக் கைகளுக்கு நான் மணிக்கட்டு வரை நீட்டிய நூல் அளவுக்கே திரும்புகிறேன், வேறு வழியில்லை. நடுவிரலிலிருந்து இறக்கும் கோட்டை நம்பாததற்கும் இதே போன்ற காரணம் உண்டு. மேல் பகுதியில் ரேகை சாய்வாக ஓடுவதால், இறங்கும் கோடு இரண்டு மில்லிமீற்றர் பக்கவாட்டில் பிசகினாலும் வயது இரண்டு வருடம்தான் மாறும். நடுவிரலுக்குக் கீழே வரும்போது ரேகையும் கோடும் கிட்டத்தட்ட ஒரே திசையில் ஓடுகின்றன. அங்கே அதே இரண்டு மில்லிமீற்றர் பிசகு ஏழெட்டு வருடத்தைத் தின்றுவிடும்.

ஐம்பது வயது விழும் இடத்துக்குக் கீழே உள்ள பகுதியில் என் அனுபவம் மெலிந்தது. அங்கே ரேகை கிளை பிரிந்து நூல் நூலாகப் போகும், எந்தக் கிளையில் அளப்பது என்பதே கேள்வியாகிவிடும். அதனால் அங்கே ஒற்றை வயது சொல்வதில்லை. உள்ளங்கையின் நடுவே நடுவிரலை நோக்கி ஏறும் விதி ரேகை தெளிவாக இருந்தால் அது புத்தி ரேகையைக் கடக்கும் இடம் முப்பத்தைந்து என்ற வழக்கமான கணக்கோடு ஒத்துப் பார்ப்பேன். இரண்டு கணக்கும் மூன்று வருட வித்தியாசத்துக்குள் வந்தால் அளவு சரியாக விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

ஒரு மாமியின் கை பொருந்தியதை வைத்து அளவு நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆயுள் ரேகையில் மெல்லிய குறுக்குக் கோடுகள் ஏராளம். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தேடினால் எந்த வயதுக்கும் ஒரு கோடு அகப்படும், அகப்படாவிட்டால் அளவை மாற்றிப் பொருத்திவிடலாம். அதனால் ஒழுங்கு முக்கியம். முதலில் கைப்பதிவு. பிறகு அளவைப் போட்டு, ஆழமான கோடுகளுக்கு மட்டும் வயதைத் தாளின் ஓரத்தில் பேனையால் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கைக்குரியவரிடம் ஒரு சம்பவத்தின் வயதைக் கேட்பது. எழுதியதற்கும் அவர் சொன்னதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து அளவைத் திருத்தலாம், ஆனால் ஒரு முறைதான். திருத்திய அளவை இரண்டாவது சம்பவத்தில் சோதிக்க வேண்டும், அங்கே திருத்தக் கூடாது. எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்குச் சூறாவளியில் திருத்திச் சுனாமியில் சோதிக்கலாம். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி இரண்டு சம்பவம் கிடைப்பதில்லை, அவர்களுடைய கையில் நான் சொல்வது "இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடையில்" என்ற அளவோடு நிற்கும்.