ஜெர்மனிக்குப் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்க்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் "ஜெர்மன் மொழிபெயர்ப்பு செய்து தரப்படும்" என்று போர்டு போட்டிருக்கும் கடையில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தங்கச்சிக்கு ஜெர்மனியில் கல்யாணப் பதிவு. அங்குள்ள பதிவகம் பிறப்புச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கேட்டது. நம் பக்கம் பலருக்கு இருப்பதுபோல அவளுடைய சான்றிதழும் சிங்களத்தில்தான். கடைக்காரர் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "அக்கா, ஜெர்மனியில எங்க கொடுத்தாலும் எடுப்பாங்க" என்றார். தங்க நிறத்தில் சீல் குத்திய தாளும் வந்தது. பதிவகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

விசாரித்தபோதுதான் வேலை நடந்த விதம் தெரிந்தது. முதலில் சிங்களத்திலிருந்து ஆங்கிலம், அப்புறம் அந்த ஆங்கிலத் தாளைப் பார்த்து ஜெர்மன். தங்கச்சி பிறந்தது மார்ச் 7. ஆங்கிலத்தில் மாதத்தை முன்னால் வைத்து 03/07 என்று எழுதியிருந்தார்கள். ஜெர்மன் தாளில் அதுவே 03.07 ஆகிவிட்டது. ஜெர்மனியில் நாள்தான் முதலில் வரும், ஆகவே அங்கே படிப்பவருக்கு அது ஜூலை 3. பாஸ்போர்ட்டிலோ மார்ச் 7. போதாததற்கு, அப்பாவின் பெயரைத் திருத்திய ஓரக் குறிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். ஓரத்தில் இருப்பது, ரப்பர் முத்திரையில் இருப்பது, எல்லாமே மொழிபெயர்ப்பில் வர வேண்டும். வாசிக்க முடியாததை வாசிக்க முடியவில்லை என்றே எழுதுவார்கள்.

ஆனால் திருப்பி அனுப்ப முக்கியக் காரணம் சீல்தான். அந்தப் பதிவகம் கேட்டது ஜெர்மன் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையை. எந்த மாநிலத்தில் பிரமாணம் செய்தவர் என்றாலும் பரவாயில்லை. அப்படிப்பட்டவர்களை justiz-dolmetscher.de என்ற அரசுத் தளத்தில் மொழிவாரியாகத் தேடலாம். சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் சிங்களத்துக்குப் பிரமாணம் செய்தவரைத்தான் பிடிக்க வேண்டும், தமிழுக்குச் செய்தவர் உதவமாட்டார். கடைக்காரரிடம் "மொழிபெயர்ப்பாளர் எந்த நீதிமன்றத்தில் பிரமாணம் செய்தவர்?" என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில், "அதெல்லாம் கொழும்பு ஆள் பாத்துக்குவாரு."

பணத்தைக் கேட்டதற்கு, "மொழிபெயர்க்கத்தான் காசு வாங்கினோம், அவங்க எடுக்கலன்னா நாங்க என்ன செய்றது" என்றார்கள். ரசீதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர்கூட இல்லை.

பாடசாலைச் சான்றிதழ் என்றால், எங்கே கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செலவு பண்ணுங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலேயே ஆங்கிலத்தில் எடுக்கலாம், பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் அது போதும்.

நாங்கள் பிறகு ஜெர்மனியிலுள்ள ஒருவரிடம் கொடுத்தோம். அவர் முதலில் கேட்டது பாஸ்போர்ட் பிரதியை, பெயர்களின் எழுத்துக்கூட்டலைப் பார்க்க. அடுத்து, சான்றிதழின் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னார்.