ஜெர்மன் விண்ணப்பக் கடிதமும் மூன்று பிழைதிருத்தங்களும்: 14 மாத அனுபவம்

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகராக வேலை பார்த்துவிட்டு, கணவருடன் ஸ்டுட்கார்ட் வந்தேன். ஜெர்மன் மொழியில் இடைநிலையான பி1 தேர்வு முடிந்ததும் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன். இந்த 14 மாதங்களில் என் விண்ணப்பக் கடிதத்தையும் தன்விவரக் குறிப்பையும் மூன்று வழிகளில் திருத்திப் பார்த்திருக்கிறேன். முதலில் கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை, பிறகு காசு கொடுத்து ஒரு திருத்துநர், கடைசியில் குடியேறியோருக்கான இலவச ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருக்கும் ஓய்வுபெற்ற ஓர் அம்மா.

எழுத்துப்பிழைச் சோதனையில் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லாத கடிதத்தைத்தான் முதல் ஒன்பது இடங்களுக்கும் அனுப்பினேன். எந்த இடத்திலிருந்தும் நேர்காணல் அழைப்பு வரவில்லை. பல மாதங்கள் கழித்து அதே கடிதத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தபோது, இந்த இரண்டு வரிகளில் பென்சிலை வைத்து நிறுத்தினார்.

```
Seit vier Jahren arbeite ich als Prüferin.
Ich möchte in ihrer Firma arbeiten.
```

இரண்டு வரிகளிலும் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் முதல் வரியின் தொடக்கச் சொல், இன்றுவரை அந்த வேலையில் இருக்கிறேன் என்று பொருள் தருகிறது. தன்விவரக் குறிப்பிலோ வேலை முடிந்த மாதமும் ஆண்டும் தெளிவாக இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஏதோ ஒன்று பொய் என்றுதான் தோன்றும். இரண்டாவது வரியில், ‘உங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லும் சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கிவிட்டேன். அப்படி எழுதினால் அது ‘அவளுடைய நிறுவனம்’ அல்லது ‘அவர்களுடைய நிறுவனம்’ ஆகிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்தாம், அதனால் கணினி பிடிக்கவில்லை. திருத்திய வடிவம் இது:

```
Vier Jahre lang habe ich als Prüferin gearbeitet.
Ich möchte in Ihrer Firma arbeiten.
```

கணினிச் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்த்து எழுத வேண்டிய கூட்டுச் சொல்லைப் பிரித்து எழுதுவதையும், பெயர்ச்சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்குவதையும் அது ஓரளவு பிடிக்கும். ஆனால் அதன் மேல் கண்மூடித்தனமான நம்பிக்கை வைக்க முடியாது, நம் கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. வெர்னியர் காலிப்பருக்கான ஜெர்மன் சொல்லில் மூன்று ‘எஸ்’ தொடர்ந்து வரும். தட்டுப்பிழை என்று நினைத்து ஒன்றை நானே அழித்துவிட்டேன்! தரப் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பிப்பவர் அளவுகருவியின் பெயரைத் தவறாக எழுதினால் எப்படி இருக்கும்?

அடுத்தது காசு கொடுத்த திருத்தம். இரண்டு பக்கங்களுக்கு 60 யூரோ, இரண்டே நாளில் திரும்பி வந்தது. படிக்க அவ்வளவு அழகாக இருந்தது. நீண்ட கிளை வாக்கியங்கள், எனக்கே அகராதி தேவைப்பட்ட சொற்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்து ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். கடிதத்தில் இருந்த ஒரு தொடரைச் சொல்லி, அதை விளக்க முடியுமா என்று கேட்டார் அந்தப் பெண். எனக்குக் கேள்வியே புரியவில்லை. மூன்று நிமிடத்தில் உரையாடல் முடிந்தது. தன்விவரக் குறிப்பில் பி1 என்று இருக்கிறது, கடிதமோ அதைவிட இரண்டு நிலை மேலான சி1 அளவில் பேசுகிறது. பிழை திருத்தியவர் என் பிழைகளோடு என்னையும் சேர்த்து நீக்கிவிட்டார். திருத்துநரிடம் கொடுக்கும்போதே, “பிழைகளை மட்டும் திருத்துங்கள், வாக்கியங்களை மாற்றி எழுத வேண்டாம்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, அவர் மொழியை மட்டுமே பார்த்தார். என் தன்விவரக் குறிப்பில் இருந்த மிக மோசமான இரண்டு தவறுகள் அவர் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் மொழியளவில் அவை சரியாக இருந்தன.

10ஆம் வகுப்பு வரை படித்த உயர்நிலைப் பள்ளியை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஹோக்ஷூல’ என்று எழுதியிருந்தேன். ஜெர்மனியில் அது பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனத்தின் பெயர். பாலிடெக்னிக்கில் வாங்கிய டிப்ளமோவை ‘டிப்லோம்’ என்று எழுதியிருந்தேன். அது இங்கே உயர்கல்வி நிறுவனத்தில் பல ஆண்டுகள் படித்துப் பெறும் பட்டம். அதாவது, என்னிடம் இல்லாத பட்டம் இருப்பதாகப் பத்து நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இணைத்திருந்த சான்றிதழைப் புரட்டிய எவரும் ஏமாற்று என்றே நினைத்திருப்பார். இன்றும் நினைத்தால் மனம் பதைக்கிறது. (பொறியாளர் என்ற பட்டப்பெயரும் இங்கே சட்டப் பாதுகாப்பு உடையது. டிப்ளமோ முடித்த நம்மவர்கள் அதைத் தலைப்பில் போட்டுக்கொள்ள வேண்டாம்.)

அந்த அம்மா இதைக் கண்டுபிடித்தது இலக்கணத்தால் அல்ல. “எத்தனை வயதில் அங்கே சேர்ந்தீர்கள்? எத்தனை ஆண்டுகள்?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டார். 15 வயது என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மூலப்பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, அடியில் ‘10ஆம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுத் தொழில்நுட்பப் படிப்பு’ என்று ஒரு வரி விளக்கம் எழுதச் சொன்னார்:

```
Diploma in Mechanical Engineering (Indien)
dreijährige technische Ausbildung nach der 10. Klasse
```

நம் முதலெழுத்துச் சிக்கலையும் அவர்தான் கவனித்தார். கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அதே எழுத்து, கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. மூவரா ஒருவரா என்று கேட்டார். இப்போது கடிதம், குறிப்பு, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுகிறேன்.

வடிவ விதிகள் எளியவை, ஒருமுறை கற்றால் போதும். பொருள் வரியில் ‘பொருள்’ என்ற சொல்லையே எழுதக் கூடாது. விளிக்குப் பின் காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும், அது பெயர்ச்சொல்லாகவோ ‘உங்கள்’ போன்ற மரியாதைச் சொல்லாகவோ இல்லாதவரை. இறுதி வணக்கத்துக்குப் பின் காற்புள்ளி கிடையாது. விளம்பரத்தில் வேலைப் பெயருக்குப் பின்னால் பாலினத்தைக் குறிக்க அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்துகள் இருக்கும், அவற்றை நம் கடிதத்தில் நகலெடுக்கத் தேவையில்லை.

இலவச மையத்திலும் குறைகள் உண்டு. வியாழக்கிழமை மட்டும்தான் அந்த அம்மா வருவார், முன்பதிவு கிடைக்க ஒரு வாரம் ஆகும். கடைசித் தேதி நெருங்கிய விளம்பரங்கள் இரண்டை அதனால் இழந்தேன். அவருக்கு என் தொழிலும் தெரியாது. அதற்கு ஒரு வழி கண்டோம். ஜெர்மன் விளம்பரத்தையே அச்சிட்டு எடுத்துச் செல்வேன், கருவிகளின் பெயர்களை அதைப் பார்த்து ஒப்பிடுவோம். திருத்தியபின் கடிதத்தை நான் உரக்கப் படிக்க வேண்டும். நான் தடுமாறும் இடத்தில், “இதை நேர்காணலில் நீங்களே சொல்வீர்களா?” என்பார். இல்லை என்றால், எவ்வளவு நல்ல வாக்கியமானாலும் அடித்துவிடுவார். அப்படி மிஞ்சிய கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது.

அந்த அரைப் பக்கத்தை அனுப்பிய ஆறு இடங்களில் இரண்டில் அழைத்தார்கள். இரண்டாவது இடத்தில் பிரிவுத் தலைவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கருவியால் என்ன அளந்தீர்கள் என்று கேட்டார். கடிதத்தில் இருந்த அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காலிப்பரையும் கடைசல் செய்த ஓர் உருளையையும் எடுத்து என் முன் வைத்தார்.