தொகுதி எண் சுரண்டப்பட்ட டெவலப்பர் புட்டிகள்: சலூன் நடத்துவோர் கவனத்துக்கு

எங்கள் வழக்கமான விநியோகஸ்தரிடம் சரக்கு தீர்ந்திருந்த ஒரு வாரத்தில், அதே நிறுவனத்தின் பொருட்களை மூன்றில் ஒரு பங்கு குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்ன வேறொரு விற்பனையாளரிடம் 24 டியூப் முடிச்சாயமும் 6 சதவீத டெவலப்பர் 12 புட்டியும் வாங்கினேன். அவர் காட்டிய அங்கீகாரக் கடிதத்தில் முத்திரையும் கையொப்பமும் இருந்தன. அதை உண்மையான நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்காதது என் தவறு.

முதலில் பாதிக்கப்பட்டவர், நரையை மறைக்க மாதந்தோறும் வரும் ஒரு வாடிக்கையாளர். பழைய கையிருப்பிலிருந்த சாயத்தைப் புதிய டெவலப்பருடன் வழக்கமான அளவில் கலந்து, வழக்கம்போல் 35 நிமிடம் வைத்தும், அலசியபோது நெற்றியோர நரை மங்கலாகவே தெரிந்தது. கலவையில் நான்தான் பிசகிவிட்டேன் என்று நினைத்து மறுமுறை கட்டணமின்றிச் செய்து தருவதாகச் சொன்னேன். மூன்று நாள் கழித்து, நான்கு ஆண்டுகளாக ஒரே நிறத்தைப் போட்டுக்கொள்ளும் இன்னொருவருக்குப் புதிய டியூபையும் புதிய டெவலப்பரையும் பயன்படுத்தினேன். பத்து நிமிடத்துக்குள் அவர், "எப்போதும் இப்படி எரியாதே" என்றார். உடனே கழுவிவிட்டேன், ஆனாலும் உச்சந்தலையும் காதோரமும் சிவந்துவிட்டன. மருத்துவரைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை மொத்தச் சரக்கையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான், வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டியவை கண்ணில் பட்டன. ஐந்து வெவ்வேறு நிறங்களின் அட்டைப்பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண் அச்சாகியிருந்தது. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தயாராவதால், அவை எல்லாம் ஒரே எண்ணைத் தாங்கி வருவது இயல்பானதன்று. டியூபின் மடித்து அழுத்திய அடி விளிம்பில் பதிந்திருந்த எண்ணோ பெட்டியின் எண்ணோடு பொருந்தவில்லை. டெவலப்பர் புட்டிகளில் அந்த எண் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தது. ஒரு புட்டியில் மட்டும் பாதி எஞ்சியிருந்தது.

ஏன் அழிக்கிறார்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தொகுதி எண்ணைக் கொண்டு, சரக்கு எந்த விநியோகஸ்தருக்கு அனுப்பப்பட்டது என்பதை நிறுவனம் கண்டுபிடித்துவிட முடியும். ஒப்பந்தத்தை மீறி வெளியே விற்றவர் சிக்காமலிருக்கவே எண் சுரண்டப்படுகிறது. ஆகவே சுரண்டிய புட்டிக்குள் அசல் பொருளே இருக்கலாம். ஆனால் அது எவ்வளவு பழையது, எந்த வெப்பத்தில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. டெவலப்பரிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு வெப்பத்திலும் காலப்போக்கிலும் சிதைந்து வலுவிழக்கும். வலுவிழந்த டெவலப்பரால் சாயத்தின் நிறம் முழுமையாக உருவாகாது. முதல் வாடிக்கையாளரின் நரை மறையாததற்கு அதுவே காரணம். நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பிக் கேட்டபோது, புட்டிகள் தங்களுடையவை, வேறொரு சந்தைக்காக அனுப்பப்பட்டவை என்றும், டியூப்கள் தங்கள் தயாரிப்பே அல்ல என்றும் பதில் வந்தது.

டெவலப்பரின் வலுவைச் சலூனிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாயம் படாத ஒரே முடியிலிருந்து இரண்டு சிறு கற்றைகளை எடுத்து, ஒரே அளவு ப்ளீச் பொடியை ஒன்றுக்கு நம்பகமான டெவலப்பருடனும் மற்றதற்குச் சந்தேகப்பட்டதுடனும் கலந்து பூசி, அரைமணி நேரத்தில் அலசிப் பார்த்தேன். இரண்டாவது கற்றை தெளிவாகவே கருமையாக நின்றது. ஆனால் இந்தச் சோதனை வலுவை மட்டுமே காட்டும். போலி டியூபுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது இரண்டாமவரின் விஷயம்தான். சாயத்துக்கு முன் 48 மணிநேர ஒவ்வாமைச் சோதனை செய்துவைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை, சோதித்த பொருளும் தலையில் பூசிய பொருளும் ஒன்றாக இருக்கும்வரைதான் செல்லும். போலி டியூபுக்கு அவருடைய நான்கு ஆண்டு அனுபவம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

இருவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கட்டணத்தைத் திருப்பித் தந்து, மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொண்டேன். அந்தச் சரக்கு பயன்பட்ட மற்ற மூன்று பேரையும் நானே அழைத்துத் தெரிவித்தேன். பிரிக்காத டியூப் ஒன்றையும் பிரித்த ஒன்றையும் ரசீதோடு உறையிலிட்டு வைத்திருக்கிறேன். தூக்கி எறிந்திருந்தால் புகாருக்கு ஆதாரமே இருந்திராது. இப்போது புதிய விநியோகஸ்தர் வந்தால், அவர் தரும் கடிதத்தை வைத்து முடிவெடுக்காமல், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலுள்ள எண்ணுக்கு நானே பேசி அவர் பெயர் பட்டியலில் உள்ளதா என்று கேட்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதே டியூபின் எண்ணை ஒப்பிட்டு, அதை அன்றைய வாடிக்கையாளரின் அட்டையில் எழுதிவிட்டுத்தான் கலவைக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறேன்.