சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு போடுகிறவர்கள் கவனத்துக்கு: பில் பணத்தை இழுத்தடித்து, கடைசியில் "நீங்கதான் எங்களுக்குத் தரணும்" என்கிறார்கள்

திண்டுக்கல் பக்கம் சின்னதாக ஊறுகாய் யூனிட் வைத்திருக்கிறேன். மதுரைப் பக்கம் நாலைந்து கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு போட்டு, பணம் வாங்கப் பட்ட பாட்டை எழுதுகிறேன். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் அவர்கள் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பாணியில் இன்னும் பல கடைகள் செய்கின்றன என்று நோட்டீஸ் அனுப்பிய பிறகு மற்ற சப்ளையர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஆர்டர் தாளில் 30 நாள் கடன் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வந்தது. ஆர்டர் பெருகப் பெருகப் பணம் தள்ளிப் போனது. கேட்டால் அக்கவுண்ட்ஸில், "ஜிஆர்என் இன்னும் போடலைங்க" என்பார்கள். அந்தச் சரக்கு வரவுச் சீட்டு போட்டாகிவிட்டது என்று தெரிந்ததும், "பில் காப்பி வரலை, திரும்ப அனுப்புங்க". அனுப்பினால், "சனிக்கிழமைதான் பேமெண்ட்". சனிக்கிழமை போனால் முதலாளி வெளியூர், செக்கில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. இதற்கு நடுவில் புது ஆர்டர் மட்டும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வரும். அதை அனுப்பவில்லை என்றால், "ரேக்கை வேற பிராண்டுக்குக் கொடுத்துருவோம், பார்த்துக்கங்க அண்ணே" என்று அன்பாகவே சொல்வார்கள்.

ஊறுகாய்த் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாங்காய் வருகிற சமயத்தில் வாங்கி உப்பில் போடாவிட்டால் அந்த வருடத்துக்கு மாங்காய் ஊறுகாயே கிடையாது. மண்டியில் கடன் சொல்ல முடியாது, நல்லெண்ணெய்க்கும் கைக்காசுதான். இது போக, அவர்களிடமிருந்து ஒரு ரூபாய் வராத பில்லுக்கும் ஜிஎஸ்டியை நான் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். நான் கட்டிய அந்த வரியை அவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டு தங்கள் வரியைக் குறைத்துக்கொள்கிறார்கள். என் பணத்தில் அவர்கள் கடை ஓடுகிறது என்று நான் சொல்வது வெறும் கோபத்தில் இல்லை, கணக்கே அதுதான்.

2024 நவம்பரில், ஏப்ரல் முதல் நின்றிருந்த ஐந்து பில்லுக்கு மொத்தம் 2,10,000 ரூபாய் பாக்கி. அப்போதுதான் நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் லெட்டர்ஹெட்டிலேயே எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அவர்கள் ஜிஎஸ்டி பதிவில் இருக்கிற விலாசத்துக்கு அனுப்பினேன். அதே நாளில் அக்கவுண்ட்ஸ் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி.

நோட்டீஸில் வெறுமனே "பாக்கியை உடனே தரவும்" என்று எழுதினால் அது இன்னொரு நினைவூட்டல், அவ்வளவுதான். பில் எண், பில் தேதி, சரக்கு இறக்கிய தேதி, கட்ட வேண்டிய கடைசித் தேதி, தொகை, அன்று வரை வட்டி என்று ஒவ்வொரு பில்லுக்கும் தனி வரி போட்டேன். அதற்குக் கீழே எழுதியது இதுதான்: "நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு உற்பத்தி நிறுவனம். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டம் 15ஆம் பிரிவின்படி உரிய நாளுக்குள் பணம் தரப்படவில்லை. 16ஆம் பிரிவின்படியான வட்டியோடு மேற்கண்ட தொகையை இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தவும். தவறினால் 18ஆம் பிரிவின்படி வசதியாக்கக் கவுன்சிலில் மனு செய்வோம்."

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான இந்தச் சட்டத்தை நம்மில் பலர் சரியாகப் பார்ப்பதில்லை. எழுத்தில் கடன் நாள் பேசியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போக முடியாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். என் விஷயத்தில் அவர்களே 30 நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "எங்க கம்பெனி வழக்கம் 90 நாள்" என்று பிறகு வாதாடியது எடுபடாமல் போனதற்குக் காரணம் அதுதான். எழுத்திலேயே 90 என்று போட்டிருந்தாலும் 45க்கு மேல் செல்லாது.

வட்டி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக. ரெப்போ வீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு. அந்தச் சமயம் வங்கி வீதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. முதல் பில் 60,000 ரூபாய். சரக்கு ஏப்ரல் 10ஆம் தேதி இறங்கியது, பணம் மே 10க்குள் வந்திருக்க வேண்டும். முதல் மாத வட்டியே 1,012 ரூபாய் 50 காசு. அடுத்த மாதம் அசலோடு இதையும் சேர்த்து வட்டி. இப்படி நவம்பர் 10 வரை ஆறு மாதத்துக்கு இந்த ஒரு பில்லுக்கு மட்டும் சுமார் 6,340 ரூபாய். வங்கி வீதம் அவ்வப்போது மாறும், அதனால் உங்கள் பில் நின்ற காலத்துக்கு என்ன வீதம் என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு இடத்தில் தப்பாகப் போட்டால்கூட எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

சரி, நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. இத்தனை நாள் போனே எடுக்காதவர்கள் அன்று மாலையே கூப்பிட்டார்கள். "என்ன அண்ணே, நமக்குள்ள இப்படியா" என்று ஆரம்பித்து, அசலில் பத்து சதவீதம் கழித்துக்கொண்டு வட்டி இல்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது என்றேன். சில நாளில் மின்னஞ்சலில் 31,000 ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட் வந்தது. ஜூன் மாதம் இறக்கிய சரக்கில் பாட்டில்களில் எண்ணெய் கசிந்து கெட்டுவிட்டதாம், அதனால் கழித்துக்கொள்கிறார்களாம். கூடவே நாலு போட்டோ. எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் எண்ணெய் கசிவு என்று அதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் எண்ணெய் பூத்திருந்தது உண்மைதான், ஆனால் அந்த மூடியில் அச்சாகியிருந்த பேட்ச் எண் ஆகஸ்டில் பேக் செய்தது. ஆகஸ்ட் பாட்டிலை ஜூன் சரக்கு என்று காட்டியிருக்கிறார்கள்.

பேட்ச் எண் கைகொடுக்காமல் போயிருந்தாலும் இன்னொரு பிடி இருந்தது, எல்லாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கினவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், அந்தச் சரக்கை இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐந்து மாதம் கழித்து, அதுவும் நோட்டீஸ் வந்த பிறகு முளைக்கிற டெபிட் நோட் வலுவிழந்து போவது இதனால்தான். அவர்களுடைய இன்வேர்டு சீலில் "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் காட்டி வாதாடினார்கள். சரிபார்த்து 15 நாளுக்குள் என்ன எழுதினீர்கள் என்று திருப்பிக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இந்த வாதம் எல்லாம் சரக்கு இறங்கிய தேதியைக் காட்ட முடிந்தால்தான் நிற்கும். எங்கள் வண்டி டிரைவர் டெலிவரி சலானில் சீலோடு தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்ப மாட்டார். சீலில் தேதி மங்கலாக விழுந்தால் பேனாவில் எழுதி வாங்கிவிடுவார். அந்தச் சலான்கள் இல்லை என்றால் நான் இன்று வாதாட ஒன்றுமே இருந்திருக்காது.

அப்புறம் இன்னொரு தந்திரம். ஏப்ரல் கடைசியில் 70,000 ரூபாய் மொத்தமாகப் போட்டிருந்தார்கள், எந்தப் பில்லுக்கு என்று எதுவும் சொல்லாமல். இப்போது வந்து, அதில் அந்த ஏப்ரல் பில்லும் அடங்கிவிட்டது என்றார்கள். பணம் தருகிறவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லாவிட்டால், எதில் வரவு வைப்பது என்று முடிவு செய்கிற உரிமை வாங்குகிறவருக்குத்தான், ஒப்பந்தச் சட்டம் 60ஆம் பிரிவு. நான் அதை ஜனவரி, பிப்ரவரி பில்களில் வரவு வைத்து, அன்றே ரசீதில் பில் எண்ணோடு அனுப்பியிருந்தேன். ரவுண்டாக ஒரு தொகை வந்தால் சந்தோஷத்தில் விட்டுவிடாதீர்கள், எந்தப் பில்லில் வைத்தீர்கள் என்று அன்றைக்கே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

இதை எல்லாம் விட மோசமானது மார்ச்சில் நடந்தது. அவர்கள் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் டைப் செய்து அனுப்பி, கையெழுத்துப் போட்டால் மறுநாளே அசல் முழுவதும் ஏறிவிடும் என்றார்கள். அதில், நான் குறு நிறுவனம் இல்லை, எம்எஸ்எம்இ சட்டத்தின் கீழ் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. ஏன் இந்தக் கடிதம் என்றால், 2023-24 கணக்காண்டு முதல் வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு விதி வந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கிற பில்லை, உண்மையில் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் முடிகிறபோது என் பில் அவர்கள் கணக்கில் நின்றால், அதற்கும் சேர்த்து அவர்கள் வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் என் கையெழுத்து. பணக் கஷ்டத்தில் இருக்கிறவனிடம் அவன் உரிமையையே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். உத்யம் பதிவை ரத்து செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்ததும், மார்ச் 31க்கு முன்னால் அசல் முழுவதும் இரண்டு தவணையில் வங்கியில் ஏறியது. டெபிட் நோட் பற்றிப் பேச்சே இல்லை. வட்டி மட்டும் தர மாட்டோம் என்றார்கள். அதற்காக மத்திய அரசின் சமாதான் தளத்தில் மனுவைப் பதிவு செய்தேன், அது மதுரை கவுன்சிலில் இருக்கிறது. ஆர்டர் தாள், பில், சலான், நோட்டீஸ், ஒப்புகை அட்டை, உத்யம் சான்றிதழ் எல்லாம் பதிவேற்ற வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கிறது. ஆனால் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, அதை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். இது நான் தயாரித்து விற்பதால் எனக்குக் கிடைத்தது. வாங்கி விற்கிற மொத்த வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது, கடன் வசதிக்கு மட்டும்தான் அந்தப் பதிவு உதவும். அவர்கள் சாதாரண சிவில் வழக்குதான் போட வேண்டும், அதற்கு மூன்று வருடக் கெடு உண்டு. அதேபோல, சரக்கு போடுவதற்கு முன்பே உத்யம் பதிவு கையில் இருக்க வேண்டும். பில் எல்லாம் நின்ற பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பில்லுக்கு வட்டி கேட்டால் பிரச்சினை வரும்.

மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் யாருக்காவது புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்து, இதே கடைதானோ என்று சந்தேகம் இருந்தால் தனிச் செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன். என் நோட்டீஸ் மாதிரி வேண்டுமானாலும் அனுப்புகிறேன், தொகையையும் தேதியையும் மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.