செயலியை அழித்தாச்சு, வெள்ளி மட்டும் போகுது

பிப்ரவரியில் அழித்த செயலிக்கு மே மாதமும் 19.90 வெள்ளி போயிருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டினார். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் இது புதுக் கதை இல்லை. ஈ-வாலட் காலியாக இருந்தால் பிளே ஸ்டோர் உடனே விட்டுவிடாது, சில நாள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். அதனால்தான் சம்பள நாளில் காசு ஏற்றிய கையோடு கழிந்திருக்கிறது.

செயலி கைப்பேசியில் இருக்கிறது. சந்தாவோ கூகுள் கணக்கில், அவர்கள் சர்வரில் பதிவாகி இருக்கிறது. அதே கணக்கை வைத்து நீங்கள் டேப்லட்டிலும் பார்க்கலாம் என்பதால், ஒரு கருவியில் அழித்ததை ரத்து என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிளே ஸ்டோரில் மேலே வலப்பக்கப் படத்தைத் தட்டி `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions` போனோம். ஒன்றுமே இல்லை! அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் கேட்டேன், "தம்பியோட ஈமெயிலும் இந்தப் போன்ல இருக்கா, கா?" இருந்தது. வாங்கியது மகன் கணக்கில். கணக்கை மாற்றியதும் சந்தா தெரிந்தது. `Cancel subscription` தட்டியாச்சு. கட்டிய மாதம் முடியும்வரை பயன்படுத்தலாம், அடுத்த மாதம் கழியாது.

ஐபோனில் `Settings` திறந்து மேலே உள்ள பெயரைத் தட்டினால் அங்கேயே `Subscriptions` இருக்கும். சந்தா ஓடும்போது செயலியை அழித்தால், அதை என்ன செய்வது என்று ஒரு பெட்டியும் வந்து கேட்கும். அவசரத்தில் படிக்காமல் தட்டிவிட்டால் சந்தா அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இலவச சோதனை என்றால் முடிவதற்கு ஒரு நாள் முன்பே ரத்து செய்துவிட வேண்டும் என்கிறது ஆப்பிள். கடைசி ராத்திரிவரை காத்திருக்காதீர்கள்.

பணம் திரும்பக் கேட்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. கூகுளில் 48 மணி நேரத்துக்குள் என்றால் அவர்களிடமே கேட்கலாம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் செயலி செய்தவரிடம் அனுப்புவார்கள். ஆப்பிளில் செயலிக்காரரை நச்சரித்துப் பயனில்லை, ரத்தும் அவரால் முடியாது. `reportaproblem.apple.com` போய் ஆப்பிளிடமே கேட்க வேண்டும். எனக்கு ஆப்பிள் வழிதான் பிடிக்கும்: யாரிடம் சண்டை போடுவது என்பதாவது தெளிவு.

மூன்றாவதாக, நிறுவனத்தின் இணையத்தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்து நேராகச் சேர்வது. சில நேரம் விலை குறையும். ஆனால் மேலே சொன்ன இரண்டு பட்டியலிலும் அது வராது, அந்தத் தளத்திலேயே உள்ளே போய் நிறுத்த வேண்டும்.

எந்த வழியில் கட்டினோம் என்றே மறந்துபோனால் ரசீது ஈமெயிலைத் தேடுங்கள். ஆர்டர் எண் `GPA.` என்று ஆரம்பித்தால் அது பிளே ஸ்டோர். கார்டு கணக்கில் `APPLE.COM/BILL` என்றிருந்தால் ஆப்பிள். அக்காவின் இன்பாக்ஸில் ஒரு ரசீதும் இல்லை. எல்லாம் மகன் இன்பாக்ஸில், திறக்காமலே கிடந்தன.