கவர் லெட்டரின் முதல் வரி: டீம் பிளேயரா, செய்த வேலையா?

கணக்குப் பிரிவில் மூன்று வருட அனுபவம் உள்ள ஒருவர் அதே துறையில் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கவர் லெட்டரை மூன்று விதமாகத் தொடங்கலாம்.

அ: “கணக்குத் துறையில் பேஷனேட்டான ஆர்வம் உள்ளவனும் சிறந்த டீம் பிளேயருமான நான், இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.”

ஆ: “மாதக் கணக்கு முடிப்பதை 9 நாளிலிருந்து 6 நாளாகக் குறைத்தேன்.”

இ: “கொள்முதல் பில்கள் தாமதமாக வந்ததால் மாதக் கணக்கை முடிக்க 9 வேலை நாட்கள் ஆனது. கொள்முதல், ஸ்டோர் இரு பிரிவினரிடமும் பேசி, பில்கள் 25-ஆம் தேதிக்குள் வர ஏற்பாடு செய்தேன். நான்கு மாதத்தில் அது 6 நாளானது.”

‘அ’வில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பிப்பவரின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் அந்த வரி அப்படியே பொருந்தும். ஐம்பது கடிதங்களை ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது ஏற்கெனவே படித்த வரிதான்; கண் அதைத் தாண்டிப் போய்விடும். ‘நான் டீம் பிளேயர் இல்லை’ என்று யாரும் எழுதப்போவதில்லை என்பதால், அந்தச் சொல்லை வைத்து ஆளைப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

எண் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ‘ஆ’வில் நின்றுவிடுகிறார்கள். ‘அ’வைவிட இது நல்ல வரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. மூன்று நாள் எப்படிக் குறைந்தது? புது மென்பொருள் வந்ததாலா, இன்னொரு ஆளைச் சேர்த்ததாலா, இவர் செய்த வேலையாலா? காரணம் இல்லாத எண்ணைப் பார்த்தால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். அதோடு, ‘டீம் பிளேயர்’ சொல்ல வந்த விஷயமும் இதில் காணாமல் போகிறது.

‘இ’யில் அந்தச் சொல்லே இல்லை, விஷயம் இருக்கிறது. யாரோடு பேசினார், எதை மாற்றினார், என்ன ஆனது என்று மூன்றும் வந்துவிடுகின்றன. நேர்காணலில் அடுத்த கேள்வியும் இதிலிருந்தே பிறக்கும்: “25-க்குப் பிறகு வந்த பில்களை என்ன செய்தீர்கள்?” நிஜமாக அந்த வேலையைச் செய்தவர், உத்தேசத் தொகையை அந்த மாதச் செலவாகப் பதிந்து, பில் வந்தபின் அடுத்த மாதம் சரிசெய்ததைத் தயங்காமல் சொல்வார். அப்படிப் பதில் சொல்ல முடியாத வரியைக் கடிதத்தில் வைக்கவே கூடாது.

‘இ’க்கும் குறை உண்டு. நீளம் அதிகம், எந்த வேலைக்கு விண்ணப்பம் என்பதும் தெரியவில்லை. பணியின் பெயரைக் கடிதத்தின் பொருள் வரியில் போட்டுவிட்டால் அது தீரும். ‘நான்’, ‘நாங்கள்’ இரண்டையும் கவனமாகப் பிரிக்க வேண்டும்: ஏற்பாடு செய்தது நான், கணக்கை முடித்தது எல்லோரும். எல்லாவற்றுக்கும் ‘நான்’ போட்டால், கூடி வேலை செய்தவர் என்று காட்ட வந்த வரியே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

‘பேஷனேட்’ இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அது ஓர் உணர்ச்சி. அதை எண்ணால் காட்ட முடியாது. யாரும் கேட்காமலே எதற்கு நேரம் செலவிட்டீர்கள் என்பதுதான் அதற்கு நேரான மாற்று. “வங்கிக் கணக்கை வரிவரியாகக் கையால் சரிபார்த்துவந்தோம், பொருந்தாத வரிகள் மட்டும் தனியே தெரியும்படி எக்செலில் ஒரு ஷீட் அமைத்தேன். இப்போது பிரிவில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.” ஆர்வம் என்ற சொல் வராமலே ஆர்வம் தெரிகிறது. இதையும் ‘இ’யையும் ஒரே தொடக்கத்தில் திணிக்க வேண்டாம். விளம்பரத்தில் எது அழுத்திக் கேட்கப்படுகிறதோ அதற்குரியதை முதலில் வையுங்கள், மற்றது இரண்டாம் பத்திக்குப் போகட்டும்.

விளம்பரமே ‘டீம் பிளேயர் தேவை’ என்று சொன்னால்? அந்தச் சொல்லை ஒரு முறை எழுதுவதில் தவறில்லை. ஆனால் அது சாட்சிக்குப் பின்னால் வர வேண்டும். ‘இ’யை எழுதிவிட்டு, “இப்படிப் பல பிரிவுகளோடு சேர்ந்து செய்யும் வேலை இந்தப் பணியிலும் இருக்கிறது” என்று விளம்பரத்தோடு முடிச்சுப் போட்டால் இன்னும் நல்லது.

அனுபவமே இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் ‘அ’வைப் பிடித்துக்கொள்கிறார்கள், எழுத எண் இல்லையே என்று. எண் கட்டாயமில்லை. “நான்கு பேர் செய்த ப்ராஜெக்டில் ஒருவர் பாதியில் விலகினார், அவருடைய பகுதியை மூவரும் பிரித்துக்கொள்ளப் பட்டியல் போட்டேன், குறித்த தேதியில் ஒப்படைத்தோம்” என்று எழுதினால், டீம் பிளேயர் எதைச் செய்வாரோ அது அப்படியே கண்முன் வந்துவிடும்.