தரக் கையேட்டின் ஆவணக் கட்டுப்பாடு: ஏழு வருடம் கையாண்ட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஏழு வருடமாக ஆவணக் கட்டுப்பாடு என் பொறுப்பு. சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்கள்தான் இங்கே பாதிப்பேர். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலை தரக் கையேட்டைக் கட்டாயம் ஆக்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் கேட்பதால் 46 பக்கக் கையேட்டை வைத்திருக்கிறோம். அதன் ஏழு பிரதிகள் ஏழு இடங்களில் இருக்கின்றன.

நான் வந்தபோது பக்கவாரித் திருத்த முறை இருந்தது. ஒரு பக்கம் மாறினால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ரெவ் எண் என்கிற திருத்த எண்ணைப் புதிதாகப் போட்டு, அச்சிட்டு, ஏழு பேருக்கும் கொடுத்து, "பழையதை எடுத்துவிட்டு இதை வையுங்கள்" என்று சொல்லிவிடுவோம். காகிதம் மிச்சம்தான். ஆனால் ஒரே கையேட்டில் பக்கம் 12 ரெவ் 1, பக்கம் 31 ரெவ் 4 என்று கலந்து கிடக்கும். எந்தப் பிரதி சரி என்று அறிய, நடப்புப் பக்கங்களின் பட்டியலை வைத்து 46 பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். அதை யாரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

அதன் விலை இரண்டாம் வருடம் தெரிந்தது. தரம் தவறிய சரக்கை விடுவிக்கும் அதிகாரத்தை, 8.7ஆம் பிரிவில், ஷிப்ட் சூப்பர்வைசரிடமிருந்து தர மேலாளருக்கு மாற்றியிருந்தோம். மாற்றம் முழுவதும் பக்கம் 31இல் இருந்தது. சில வாரம் கழித்து, தடுத்து வைத்திருந்த ஒரு லாட், சூப்பர்வைசர் கையெழுத்தோடு வெளியே போய்விட்டது. பேக்கிங் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த அக்கா ஃபைலைத் திறந்து காட்டினார்: "பாரு தம்பி, சூப்பர்வைசர் விடலாம்னுதானே இதுல இருக்கு." அடிக்குறிப்பைப் பார்த்தேன், ரெவ் 3. புதுப் பக்கம் எங்கே என்று விநியோகப் பட்டியலைப் புரட்டினால், பிரதி எண் 4க்கு நேரே ஒருவருடைய பெயரும் கையெழுத்தும் இருந்தன. அவர் அதற்குள் வேறு பிரிவுக்கு மாறியிருந்தார். புதுப் பக்கம் அவரோடு, அவருடைய டிராயருக்குப் போய்விட்டது. அக்கா மீது எந்தத் தவறும் இல்லை. அவர் படித்த பக்கத்தைக் கொடுத்தது நாங்கள்.

அதன் பிறகு விநியோகப் பட்டியலில் ஆள் பெயரை எடுத்துவிட்டு இடத்தைப் போட்டேன்: பிரதி 4, பேக்கிங், தொங்கும் அலமாரி. வாங்குபவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் "பழைய பிரதி திரும்பியது" என்று இன்னொரு கட்டம். பழையது என் கைக்கு வந்தால்தான் புதியது கொடுப்பேன். பக்கவாரி முறையையும் விட்டுவிட்டோம். இப்போது எது மாறினாலும் முழுக் கையேட்டுக்கும் ஒரே ரெவ் எண். ஒவ்வொரு தடவையும் 322 பக்கம் அச்சிட வேண்டியிருப்பது உண்மைதான், அதனால் அவசரமில்லாத திருத்தங்களைச் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வெளியிடுகிறோம். கையேட்டின் அமைப்பே மாறினால் இஷ்யூ எண் என்கிற பதிப்பு எண் ஏறும், ரெவ் பூஜ்யத்துக்குத் திரும்பும். இப்படித்தான் வேண்டும் என்று ஐஎஸ்ஓ சொல்லவில்லை, ஒரே முறையில் விடாமல் போனால் போதும்.

ஒப்புதல் கட்டத்தில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என மூன்று கையெழுத்து. நான் சேர்த்தது ஒன்றுதான்: ஒப்புதல் தேதி வேறு, நடைமுறைக்கு வரும் தேதி வேறு. முன்பு ஒரே தேதிதான். மேலாளர் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் அன்றே அமல், ஆனால் இரவு ஷிப்ட்டுக்கு விஷயமே போய்ச் சேர்ந்திருக்காது. இப்போது இரண்டுக்கும் நடுவில் பத்து நாள் விடுகிறோம். பிரதி மாற்றவும் ஷிப்ட் கூட்டத்தில் சொல்லவும் அது சரியாக இருக்கிறது.

திருத்த வரலாற்றில் "பிரிவு 8.7 திருத்தப்பட்டது" என்று மட்டும் எழுதிய பழைய வரிகளைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நான் இப்படி எழுதுகிறேன்: "8.7: விடுவிக்கும் அதிகாரம் ஷிப்ட் சூப்பர்வைசரிடமிருந்து தர மேலாளருக்கு. காரணம்: வாடிக்கையாளர் புகார்." கூடவே மாற்றக் கோரிக்கை எண். மூன்று வருடம் கழித்து ஆடிட்டர் கேட்டாலும் அந்த எண்ணைப் பிடித்துப் படிவத்தை எடுத்துவிடலாம்.

கட்டுப்பாட்டுப் பிரதி முத்திரையைச் சிவப்பு மையில் குத்துகிறோம். கறுப்பு வெள்ளை நகல் எடுத்தால் முத்திரை கறுப்பாகிவிடும், பார்த்ததும் தெரியும். கலர் மெஷின் வந்தபிறகு அந்த வசதி பாதி போய்விட்டது. பொதுக் கோப்புறையில் `QM-01_I3_R5.pdf` மட்டும் இருக்கும், பழையவை பூட்டிய கோப்புறையில். ஆனாலும் யாராவது அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு முழுத் தீர்வு இன்னும் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை ஏழு இடத்துக்கும் நடந்து போய் அடிக்குறிப்பைப் பார்க்கிறேன், சுவரில் கண்டதைக் கிழித்து எடுக்கிறேன். பேக்கிங்கில் அந்த வேலை எனக்கு இல்லை. புதுப் பிரதி கொடுத்தால் அக்காவே முதலில் ரெவ் எண்ணைப் பார்த்து, பழையதை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.